பெட்டி யார் பெயரில் இறங்குகிறது?

விடுமுறை நாள் மாலையானால் துபாய் தேராவிலும் ஷார்ஜா ரோலாவிலும் கார்கோ கடைகளின் வாசலில் நிற்க இடமிருக்காது. கம்பளி, பால் மாவு டின், பேரீச்சம்பழம், பிஸ்தா, கோடாலித் தைலம், குழந்தைக்கு ஃபிராக் என்று மாதக்கணக்கில் கட்டிலுக்கடியில் சேர்த்ததெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் இறங்கும். கடைப் பையன் பெட்டியைத் தராசில் ஏற்றி, கிலோவுக்கு இத்தனை திர்ஹம் என்று சொல்வான். கொஞ்சம் பேரம் நடக்கும். எத்தனை நாளில் போய்ச் சேரும் என்ற கேள்வி வரும். அதோடு பேச்சு முடிந்து, பெட்டியைச் சுற்றி டேப் ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தப் பேச்சில் வராத கேள்வி ஒன்று உண்டு. இந்தியச் சுங்கத்துறையின் முன் இந்தப் பெட்டி யார் பெயரில், என்ன வகைப் பொருளாகப் போய் நிற்கப்போகிறது? கூரியருக்கும் கார்கோவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கட்டணம், நாள் கணக்கு, காணாமல் போனால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வளைகுடாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வீட்டுப் பெட்டி அனுப்புபவருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

அன்பளிப்பு என்று எழுதினால் போதாது

பல ஆண்டுகளாக ஊருக்குப் பெட்டி அனுப்பிப் பழகியவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பெட்டியின் மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, மதிப்பை 20,000 ரூபாய்க்குள் காட்டிவிட்டால் வரி கிடையாது என்பதே அது. ஒருகாலத்தில் அது சரிதான். அப்படியொரு விலக்கு இருந்தது. வெளிநாட்டு இணையக் கடைகள் அந்த விலக்கைப் பயன்படுத்தி விற்பனைச் சரக்கையே அன்பளிப்பு என்ற பெயரில் அனுப்பத் தொடங்கியதால், 2019 டிசம்பர் 12-ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஓர் அறிவிப்பின் மூலம் கதவை மூடியது. அஞ்சலிலோ கூரியரிலோ வரும் பொருளை அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் எடுக்க முடியாது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. ராக்கியோடு வரும் பரிசுப்பொருளுக்குக்கூடக் கிடையாது.

அன்பளிப்பே அனுப்பக்கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. முழு வரியையும் கட்டினால் அன்பளிப்பு தாராளமாக உள்ளே வரலாம் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. எவ்வளவு வரி என்பதில்தான் பலர் அதிர்ந்துபோகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வரும் பொருள்களுக்கென்று சுங்க அட்டவணையில் தனித் தலைப்பு இருக்கிறது. ஒருகட்டத்தில் அதன் அடிப்படை வரி 35 சதவீதமாக இருந்தது. அந்த வரியின் மேல் பத்திலொரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி. இரண்டையும் பொருளின் விலையோடு கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் அப்போது 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டால் 77 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது 5,000 ரூபாய்ப் பொருளுக்கு 3,864 ரூபாய் வரி. இந்த விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. ஆகவே அனுப்பும் மாதத்தில் என்ன விகிதம் என்பதைக் கூரியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வரியின் அடுக்கு முறை தெரிந்திருந்தால், அவர்கள் சொல்லும் தொகை சரியா என்று அனுப்புபவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

விலையைக் குறைத்து எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எழுதிய மதிப்பை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் சுங்க அதிகாரிக்கு இல்லை. பெட்டியில் இருக்கும் பொருளின் விலையை இணையத்தில் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். எழுதிய மதிப்பைத் தள்ளிவிட்டு அவரே மதிப்பு வைப்பார். அபராதமும் சேரலாம், பொருளும் பறிமுதலாகலாம்.

கூரியர்: பெறுபவரின் பெயரில்

கூரியரில் போகும் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகச் சுங்கத்தைச் சந்திக்கிறது. விமான வழிச் சீட்டில் அனுப்புபவர், பெறுபவர், பொருள், மதிப்பு எல்லாம் இருக்கும். இந்தியாவில் அது பெறுபவரின் இறக்குமதியாகவே பதிவாகும். அதனால் கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சான்றைப் பெறுபவர் தர வேண்டும். கூரியர் நிறுவனம் அவருடைய கைபேசிக்குச் செய்தி அனுப்பி, ஆதார் போன்ற ஆவணத்தைப் பதிவேற்றச் சொல்லும். அது வந்து சேரும்வரை பெட்டி நகராது.

தமிழ்ப் பெயர்கள் இந்த இடத்தில் ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. வீட்டில் ‘செல்வி’, ஆதாரில் ‘மு. தமிழ்ச்செல்வி’, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரோடு ‘தமிழ்ச்செல்வி ராமன்’ என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். பெட்டியின் மேல் ‘செல்வி’ என்று எழுதியிருந்தால் ஆவணத்தோடு பொருந்தாது. சரி செய்துகொடுக்கக் கடிதம் போட வேண்டியிருக்கும். பெறுபவர் பெயரை ஆதாரில் உள்ளபடி, இனிஷியலோடு, ஆங்கில எழுத்துகள்கூட மாறாமல் எழுதுவதே இதற்கு ஒரே மருந்து. ஆதார் அட்டையின் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதினால் தவறு வராது. கைபேசி எண்ணும் ஊரில் இருப்பவருடையதாக, எடுத்துப் பேசக்கூடியவருடையதாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் குறுஞ்செய்தி படிக்க வராது என்றால் தம்பி பெயரில் அனுப்புவதே மேல்.

இத்தனை கெடுபிடி இருப்பதாலேயே கூரியரில் ஒரு நன்மையும் உண்டு. பெட்டி எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது, எவ்வளவு வரி என்பது எழுத்தில் கிடைக்கும். கட்டிய வரிக்கு ரசீது உண்டு. வழியில் சிக்கல் இல்லையென்றால் நான்கைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடும்.

கார்கோ: கூட்டத்தோடு கூட்டமாக

வளைகுடாக் கடைகளின் ‘டோர் டு டோர்’ கார்கோ வேறு மாதிரி வேலை செய்கிறது. பலருடைய பெட்டிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, ஒரே சரக்காக விமானத்திலோ கன்டெய்னரிலோ ஏறுகின்றன. இந்தியாவில் அவர்களுடைய ஏஜென்ட் அதை இறக்கி, சுங்கத்தை முடித்து, பிரித்து, மாவட்டவாரியாக வேன்களில் அனுப்புகிறார். கிலோவுக்கு இத்தனை என்று சொல்லும் தொகையில் ஏற்றுக்கூலி, வரி, வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு எல்லாம் அடங்கியிருப்பதாகச் சொல்லப்படும். கூரியரோடு ஒப்பிட்டால் ஏர் கார்கோ மிகவும் மலிவு, கடல் கார்கோ அதைவிட மலிவு. ஏர் கார்கோ ஒன்றிரண்டு வாரத்திலும், கடல் கார்கோ ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்திலும் வீடு சேர்வது வழக்கம்.

மலிவுக்கு ஒரு விலை இருக்கிறது. கன்டெய்னர் நிரம்பும்வரை முதலில் கொடுத்த பெட்டி கிடங்கில் காத்திருக்கும். துறைமுகத்தில் யாரோ ஒருவருடைய பெட்டியில் சந்தேகம் வந்தால் கூட வந்த எல்லாப் பெட்டிகளும் நிற்கும். காத்திருக்கும் நாளுக்கெல்லாம் கிடங்கு வாடகை ஏறும். அந்த வாடகையைச் சில கடைகள் பிறகு வாடிக்கையாளர் தலையில் வைப்பதும் உண்டு. பெட்டி எந்தப் பெயரில், என்னவென்று சொல்லி இறக்கப்பட்டது என்பது அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. ஏஜென்ட் தவறாக எழுதிக்கொடுத்து மாட்டிக்கொண்டால், பெட்டி அவருடையது என்று காட்ட அனுப்பியவரிடம் கடை ரசீது ஒன்றுதான் இருக்கும்.

ஆகவே கார்கோ கடையில் கிலோ விலைக்கு முன் கேட்க வேண்டியவை வேறு. “அண்ணே, இந்தக் காசுக்குள்ள வரி அடங்குமா? ஊர்ல வந்து பெட்டி குடுக்கிறப்ப வீட்ல காசு கேப்பாங்களா? நின்னுபோனா வாடகை யாரு கட்டணும்?” என்ற மூன்றையும் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் பெட்டியைக் கொடுக்காமல் திரும்புவது நல்லது. காணாமல் போனால் எவ்வளவு தருவார்கள் என்ற வரியும் ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது பெட்டியின் எடையைப் பொறுத்ததாக இருக்கும், உள்ளே இருப்பதன் விலையைப் பொறுத்ததாக இருக்காது. விலை உயர்ந்த சின்னப் பொருளைக் கார்கோவில் போடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கம்பளியின் எடை

தராசு காட்டுவது மட்டும் எடை ஆகாது. பெட்டி அடைக்கும் இடத்துக்கும் எடை உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரிய கூரியர் நிறுவனங்கள் 5,000-ஆலும் விமானச் சரக்கில் 6,000-ஆலும் வகுப்பார்கள். இந்தத் தொகை, தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஷார்ஜாவிலிருந்து பரமக்குடிப் பக்கம் போகும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். இரட்டைக் கம்பளி ஒன்று, பால் மாவு இரண்டு டின், மூன்று கிலோ பேரீச்சம்பழம், குழந்தைகள் துணி. தராசில் 14 கிலோ. கம்பளி உப்பிக்கொண்டு நிற்பதால் 60, 45, 45 சென்டிமீட்டர் அளவில் பெட்டி தேவைப்பட்டது. பெருக்கினால் 1,21,500. கூரியர் கணக்கில் அது 24.3 கிலோ, விமானச் சரக்குக் கணக்கில் 20.25 கிலோ. உள்ளே காற்றாக இருக்கும் பத்து கிலோவுக்கும் சேர்த்துக் கூரியருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அதே கம்பளியைக் காற்று உறிஞ்சும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அமுக்கினால் 50, 40, 35 அளவுப் பெட்டி போதும். பெருக்கல் 70,000 ஆகிறது. கூரியர் கணக்கில் சரியாக 14 கிலோ, விமானச் சரக்கில் 12-க்கும் கீழே. இரண்டிலும் இனி தராசு எடைக்கு மேல் ஒரு கிலோகூட ஏறாது. கடல் கார்கோவில் சில கடைகள் தராசு எடையை மட்டும் பார்க்கும், சில கடைகள் கன அளவைப் பார்க்கும். எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டே பெட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்தப் பெட்டிக்கு எது சரி? பால் மாவும் கம்பளியும் பேரீச்சம்பழமும் அவசரப் பொருள்கள் இல்லை. கூரியரில் போட்டால் கட்டணமும் வரியும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிடும். நாள் போனாலும் பரவாயில்லை என்றால் கடல் கார்கோ, விசேஷத்துக்குள் வேண்டுமென்றால் ஏர் கார்கோ. கடலில் அனுப்புவதானால் டின்களின் காலாவதித் தேதி குறைந்தது ஆறு மாதம் தள்ளி இருக்கட்டும். ஆனால் அதே வீட்டுக்கு நிலத்துக்கான பவர் பத்திரமும் போக வேண்டியிருந்தால் அதைப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது, தனியே கூரியரில் அனுப்ப வேண்டும். துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்தத் தேதியில் வந்தது என்பதற்குக் கூரியர் உறையே சாட்சி. தாள்களுக்குச் சுங்கத் தொல்லையும் இல்லை.

சென்ட்டும் பவர் பேங்கும்

பெட்டி கட்டும்போது கடைப் பையன் கேட்பான்: “சென்ட், பாடி ஸ்ப்ரே, பவர் பேங்க் ஏதும் உள்ள இருக்காண்ணே?” பலர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, துணிக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். இதில் ஏமாற்றப்படுவது கடைக்காரர் மட்டும் அல்லர்.

2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட யு.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில், கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் தீப்பிடித்தது. விமானிகள் திருப்பித் துபாய்க்கே கொண்டுவர முயன்றார்கள். புகை விமானி அறையை நிறைத்து, கருவிகளைப் பார்க்க முடியாமல் போனது. விமானம் துபாயிலேயே விழுந்தது, இரண்டு விமானிகளும் இறந்தார்கள். சரக்கில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் சில அபாயச் சரக்கு என்று அறிவிக்கப்பட வேண்டியவையாக இருந்தும் அறிவிக்கப்படவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. தனி லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் உலகம் முழுவதும் தடை இருக்கிறது. பவர் பேங்க் இந்தத் தனி பேட்டரி வகையைச் சேர்ந்தது. ஊருக்குப் போகும் ஏர் கார்கோ பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் போகிறது.

சென்ட்டில் இருப்பது பெரும்பகுதி ஆல்கஹால், அது தீப்பற்றும் திரவ வகை. பாடி ஸ்ப்ரே, கொசு ஸ்ப்ரே, ஷேவிங் ஃபோம் எல்லாம் அழுத்தக் குப்பி வகை. முறையான பொதியும் அறிவிப்பும் இல்லாமல் இவை விமானத்தில் ஏறக்கூடாது. எக்ஸ்ரேயில் குப்பியின் உருவமும் பேட்டரியின் உருவமும் பளிச்சென்று தெரியும். ஒரு சென்ட் பாட்டிலுக்காக முழுப் பெட்டியும் பிரிக்கப்படும், அல்லது திருப்பி அனுப்பப்படும். சென்ட் கட்டாயம் அனுப்ப வேண்டுமானால் கடல் கார்கோவில் ஏற்பார்களா என்று கேட்கலாம். இல்லையென்றால் ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்து, அவருடைய செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லலாம். பவர் பேங்கை அவர் கைப்பையில் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது.

இந்தியா உள்ளே விடாதவை

மேலே சொன்னவை விமானத்தின் விதிகள். நாட்டின் விதிகள் வேறு. இ-சிகரெட்டையும் வேப்பையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது, ஒன்றே ஒன்று என்றாலும் குற்றம்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் டிரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குவதற்கு 2022 பிப்ரவரி முதல் தடை. பாலைவன வேலைகளில் பயன்படுத்தும் துரையா போன்ற சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் அனுப்பினால், பெறுபவர் போலீஸ் விசாரணைக்கே போக வேண்டிவரும். பெட்டி அவர் பெயரில் இறங்குகிறது என்பதை இங்கே மறக்கக்கூடாது. அனுப்பியவர் கடல் தாண்டி இருப்பார், பதில் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருப்பவர்.

விதையும் செடியும் பலர் நினைக்காத இன்னொரு வகை. அங்கே பார்த்த பேரீச்சங்கன்றையோ பூவிதையையோ பெட்டியில் போட்டால், தாவர நோய்த்தடுப்புச் சான்றும் இறக்குமதி அனுமதியும் கேட்பார்கள். தங்கமும் பணமும் பெட்டிக்குள் போகவே கூடாது. பேக்கிங் லிஸ்டில் எழுத முடியாத எதையும் பெட்டியில் வைக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. “அறைக்கார நண்பர் கொடுத்தார், அவங்க வீட்டுக்குத்தான்” என்று ஒட்டி வந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வைப்பதும் இதில் சேரும்.

முடித்துக்கொண்டு திரும்புபவர்

வேலையை முடித்து ஊரோடு போகிறவர் கார்கோ கடையில் சாதாரணப் பெட்டியாகக் கொடுத்துவிடுவது நஷ்டம். அவருடைய பழைய உடைமைகளைத் ‘துணையில்லாப் பயணச் சுமை’ என்ற வகையில் அனுப்பலாம். பயணச் சுமை விதிகளின்படி அது அவர் ஊர் வந்த ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து அனுப்பப்பட வேண்டும், அல்லது அவர் வருவதற்கு இரண்டு மாதத்துக்குள் முன்கூட்டி வந்து இறங்கியிருக்கலாம். பயன்படுத்திய துணிமணி, பாத்திரம் போன்றவற்றுக்கு வரி கிடையாது. வெளிநாட்டில் தங்கிய காலத்தைப் பொறுத்து வீட்டுச் சாமான்களுக்கும் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டில் வருகை முத்திரையும் பொருள் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். சுங்க அலுவலகத்துக்கு அவரே நேரில் போனால் வேலை சீக்கிரம் முடியும்.

டேப் ஒட்டும் முன்

பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் தரையில் பரப்பி ஒரு படம், பெட்டிக்குள் வைத்த பின் ஒரு படம், தராசின் எண் தெரிய ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பட்டியலில் ‘துணி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் ‘சிறுமி ஃபிராக் 2, கம்பளி 1’ என்று எழுத வேண்டும். பெட்டி வந்ததும் கையெழுத்துப் போடும் முன் டேப் அறுபட்டு மறுபடி ஒட்டியிருக்கிறதா என்று வீட்டார் பார்க்கட்டும். ஒட்டியிருந்தால் கொண்டுவந்தவர் முன்னாலேயே எடை போட்டு, குறைவதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பிறகு சொல்வதை எந்தக் கடையும் காதில் வாங்காது.

ஊரில் இருப்பவர்களிடம் இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும். “உங்க பையன் அனுப்புன பார்சல் டெல்லி சுங்கத்துல நிக்குது, உடனே காசு போடுங்க” என்று அழைப்பு வரலாம். சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்கிலோ கைபேசிச் செயலியிலோ யாரிடமும் வரி கேட்பதில்லை. அது அனுப்பும் கடிதத்தில் ‘டி.ஐ.என்.’ என்ற ஆவண எண் இருக்கும். அந்த எண்ணை மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அப்படி அழைப்பு வந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாமல் முதலில் அனுப்பியவருக்குப் போன் செய்யும்படி அம்மாவிடமும் அப்பாவிடமும் பெட்டி கிளம்பும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.